மைக்கை அடைக்க ஒரு நெம்பு: நேரலைப் பெட்டியில் இரண்டாவது முயற்சி

எங்கள் ஊர் மேலூரை அடுத்து இருக்கிறது. திருவிழாவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமண நாடகத்தை, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக விடியும்வரை ஓபிஎஸ் மென்பொருள் வழியே நேரலை செய்கிறேன். மேடையின் ஒலி மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து தனி வயரில் வந்துவிடும். என் மேசையில் இருக்கும் மைக் சித்தப்பாவுக்கு. காட்சிகளுக்கு நடுவே அவர் கதை சொல்வார்.

போன திருவிழாவில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது, மைக் அடைந்திருக்கிறது என்று நம்பி, எந்த வீட்டில் தலைக்கட்டு வரி பாக்கி என்று பேசிவிட்டோம். நான்கு நிமிடம் அது சிங்கப்பூர் வரை போயிற்று. அத்தை மகன் அங்கிருந்து போனில் அழைத்து, "அண்ணே, நீங்கள் பேசுவது எல்லாம் கேட்கிறது" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் சித்தப்பாவும் நானும் அந்த வீட்டுக்குப் போய் நின்றோம். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் காட்சிகளையும் மைக்கையும் மாற்ற நான் வைத்திருக்கும் பொத்தான் பெட்டியைப் பிரித்தேன்.

பெட்டிக்குள் இருப்பது ப்ரோ மைக்ரோ என்னும் சிறிய ஆர்டுயினோ வகைப் பலகை. அதில் உள்ள ATmega32U4 சிப் காரணமாக, கணினி அதை ஒரு கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும். பொத்தான்கள் F13 முதலான விசைகளை அனுப்பும். சாதாரணக் கீபோர்டில் அந்த விசைகள் இல்லாததால் வேறு எதனுடனும் மோதாது. முழு மேடை, ஆர்மோனியக்காரர் பக்கம், இடைவேளை அட்டை என்று காட்சிகளுக்கு மூன்று பொத்தான்கள். நான்காவது மைக்குக்கு. ஓபிஎஸ்ஸின் Hotkeys பக்கத்தில் Mute, Unmute இரண்டுக்கும் அந்த ஒரே விசையைக் கொடுத்திருந்தேன். ஒருமுறை அழுத்தினால் அடையும், மறுமுறை அழுத்தினால் திறக்கும்.

முதலில் பொத்தானைத்தான் சந்தேகப்பட்டேன். F16-க்குப் பதில் a என்ற எழுத்தை அனுப்பும்படி மாற்றி, நோட்பேடைத் திறந்து ஐம்பது முறை அழுத்தினேன். ஐம்பது எழுத்தும் விழுந்தன. அதே அழுத்தல்களில் ஓபிஎஸ் சிலவற்றைத் தவறவிட்டது. காரணம் நேரத்தில் இருந்தது. நான் பயன்படுத்திய Keyboard.write கட்டளை விசையை அழுத்திய உடனே விட்டுவிடுகிறது. நோட்பேடுக்கு விசை வந்த செய்தியே போதும். ஓபிஎஸ்ஸோ சுமார் 25 மில்லி விநாடிக்கு ஒருமுறை, விசை இப்போது கீழே இருக்கிறதா என்று எட்டிப்பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு நடுவே அழுத்தி விட்டால், அதற்கு எதுவுமே நடக்கவில்லை.

காட்சி மாறாவிட்டால் திரையில் தெரிந்துவிடும், மறுபடி அழுத்தலாம். மைக் அப்படியில்லை. ஓர் அழுத்தல் தொலைந்தால் அங்கிருந்து எல்லாமே தலைகீழ்: நான் அடைப்பதாக நினைத்து அழுத்தும்போது அது திறந்துகொள்ளும். விசையைச் சற்று நேரம் பிடித்திருந்தாலே அழுத்தல் தொலையாது. ஆனாலும் ஒரே பொத்தான் இரண்டு வேலை செய்யும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. அதை எடுத்துவிட்டு, மேலே தள்ளினால் மேலேயே, கீழே தள்ளினால் கீழேயே நிற்கும் நெம்பு சுவிட்சைப் பொருத்தினேன். கீழே தள்ளினால் F16, அது Mute மட்டும். மேலே தள்ளினால் F17, அது Unmute மட்டும்.

```
bool s = digitalRead(9);
if (s != old) {
  delay(30);
  if (digitalRead(9) == s) {
    int k = (s == LOW) ? KEY_F16 : KEY_F17;
    Keyboard.press(k);
    delay(80);
    Keyboard.release(k);
    old = s;
  }
}
```

பலகையின் 9-ஆம் pin-ஐ INPUT_PULLUP என்று வைத்திருக்கிறேன். சுவிட்சு மூடினால் LOW வரும். முதலில் உள்ள 30 மில்லி விநாடி, சுவிட்சின் உலோக நாக்கு தட்டித் துள்ளி அடங்குவதற்கு. அடுத்துள்ள 80, ஓபிஎஸ் இரண்டு மூன்று முறை எட்டிப்பார்ப்பதற்கு. மாற்றிய பிறகு நூறு முறை தள்ளிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை.

இருட்டில் இதன் அருமை தெரிகிறது. கண் மேடையில் இருக்கும்போதே கட்டைவிரல் நெம்பின் முனையைத் தொட்டால் போதும், மைக் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் மேலே கொண்டுபோய் மறுபடி கீழே தள்ளுவேன். மைக் திறந்திருந்தாலும் அடைந்திருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

ஒரு குறை மீதி இருக்கிறது. பலகை பேசும், ஓபிஎஸ் சொல்வதைக் கேட்காது. மைக்கை மௌஸால் திறந்தால் நெம்பு கீழேயே நிற்கும். ஓபிஎஸ்ஸை மூடித் திறக்கும்போதும் இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. 28-ஆம் பதிப்பிலிருந்து ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே வரும் வெப்சாக்கெட் வழியாக உண்மை நிலையைக் கேட்டு ஒரு சிவப்பு விளக்கை எரிய வைக்கலாம், ஆனால் அதற்குக் கணினியில் இன்னொரு நிரல் இரவு முழுவதும் ஓட வேண்டும். இந்தத் திருவிழாவுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நேரலை தொடங்கும் முன் நெம்பை ஒருமுறை மேலும் கீழும் தள்ளி, சித்தப்பாவை "வணக்கம்" சொல்லச் சொல்லி, ஒலிப் பட்டை அசைகிறதா, அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்வேன். மௌஸை அவர் கைக்கு எட்டாத பக்கம் வைத்தாயிற்று.