முத்திரைக்கு அடியில் ஒரு சென்ட்

வழக்கோடு தாக்கல் செய்யும் ஆவணங்களைத் தொகுத்துக் கட்டாக்குவதை எங்கள் வேலையில் 'டைப்டு செட்' என்போம். அறுபது வருடம் முந்தைய கிரயப் பத்திரத்தின் மங்கிய ஜெராக்ஸை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது. அதனால் ஜெராக்ஸுக்குப் பின்னாலேயே அதன் தட்டச்சு நகலும் இருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலிடம் எனக்கு அந்த வேலை. நான் அடித்ததற்குக் கீழே 'உண்மை நகல்' என்று வக்கீல் கையெழுத்துப் போடுகிறார். ஆகவே ஒரு எழுத்து தெரியவில்லை என்றால், அது என்னவாக இருக்கும் என்று மட்டும் யோசித்தால் போதாது. எதை அடித்தால் அவர் கையெழுத்துப் போடலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

எழுத்து மறைவதற்கு எங்களிடம் வரும் காகிதங்களில் மூன்று காரணங்கள்தான் அதிகம். முதலாவது ஓரம் வெட்டுப்படுவது. பத்திரத்தாள் ஏறக்குறைய லீகல் அளவு, அதாவது 8.5 அங்குல அகலம், 14 அங்குல நீளம். அதை அப்படியே A4 தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் அகலத்தில் 6 மில்லிமீட்டரும் நீளத்தில் சுமார் 6 சென்டிமீட்டரும் போய்விடும். 83 சதவீதத்துக்குச் சுருக்கி எடுத்திருந்தால் முழுதும் வந்திருக்கும், ஆனால் கடைக்காரரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. இரண்டாவது சார்பதிவாளர் அலுவலக முத்திரை. மூன்றாவது இணையத்தில் இறக்கும் நகல்களில் எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஓடும் வாட்டர்மார்க்.

காரணத்தைப் பிரித்துக் குறித்துக்கொள்வது வெறும் சடங்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முத்திரைக்கு அடியில் உள்ள எழுத்து தாளில் இருக்கத்தான் செய்கிறது, கலர் ஸ்கேன் கிடைத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் Colors, Components, Decompose என்று போய் RGB-ஆகப் பிரித்தால் ஒரே படம் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகும். முத்திரை மை ஊதா. ஊதாவில் சிவப்பும் நீலமும் உண்டு, பச்சை குறைவு. எனவே சிவப்புப் படத்தில் முத்திரை வெளிறிப்போகும், கறுப்பு எழுத்து கறுப்பாகவே நிற்கும். நீல மையில் எழுதியிருந்தாலும் சிவப்புப் படமே உதவும். ஆனால் பழைய புளூ பிளாக் மை பல பத்திரங்களில் பழுப்பாக மாறியிருக்கும். அப்போது நீலப் படத்தைப் பார்க்க வேண்டும், பழுப்பு அதில்தான் கருமையாக விழும். ஜெராக்ஸ் மட்டும் கையில் இருந்தால் இந்த வித்தை எதுவும் பலிக்காது. முத்திரையும் எழுத்தும் ஒரே கறுப்பாகிவிட்டபின் பிரிக்க என்ன இருக்கிறது?

வாட்டர்மார்க்கில் ஆபத்து வேறு மாதிரி. பின்புலம் எழுத்தைவிட வெளிறியது என்பதால் Levels-இல் வெள்ளைப் புள்ளியை இழுத்தால் அது மறைந்துவிடும், படம் பளிச்சென்று ஆகிவிடும். கூடவே மெல்லிய கோடுகளும் போகும். தமிழில் முதலில் போவது மெய்யின் மேல் உள்ள புள்ளி, அடுத்து ே-யின் தலையில் உள்ள சிறு சுழி. மாறாக, வாட்டர்மார்க்கின் சிதறல் ஒன்று எழுத்தின் தலையில் உட்கார்ந்து இல்லாத புள்ளியை உண்டாக்குவதும் உண்டு. ஆகவே திருத்திய படத்தில் படித்ததை, திருத்தாத படத்தைப் பெரிதாக்கி ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் அடிப்பேன்.

இனி ஒரு பத்திரத்தின் கதை. 1960களில் எழுதிய புஞ்சை நிலக் கிரயம். ஒரிஜினல் கடனுக்காக பேங்கில் இருந்தது. கட்சிக்காரர் கொண்டுவந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். சொத்து விவரத்தில் மொத்தப் பரப்பு ஏக்கர் 4.36 என்று தெளிவாக இருந்தது. அதில் தென்புறம் விற்கப்பட்டது ஏக்கர் 1.4 வரை தெரிந்தது. அடுத்த இலக்கத்தின் மேல் வட்ட முத்திரையின் விளிம்பு ஏறியிருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் தெரிந்தது, அது வளைவாக இடப்பக்கம் திரும்பியது. பத்திரத்தில் எண்ணை எழுத்தாலும் எழுதுவார்கள் என்பதால் அங்கே போனேன். 'ஒரு ஏக்கர் நாற்பத்' என்பதற்கு அப்புறம் தாளின் வலது ஓரத்தில் ஒரு கொம்பு, அத்தோடு வரி முடிந்தது. அடுத்த வரி 'சென்ட்' என்று தொடங்கியது.

அந்தக் கொம்பை வைத்தே நிறைய விலக்க முடிந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு எதிலும் அந்த இடத்தில் கொம்பு வராது. நாற்பத்தைந்து என்றால் இரட்டைச் சுழி வேண்டும். நாற்பத்தேழு என்றால் மேலே சுழித்த கொம்பு வேண்டும். பழைய கையெழுத்துகளில் குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுபோலவே இருப்பதுண்டு. ஆனால் இந்தப் பத்திரம் எழுதியவர் பக்கம் முழுக்க 'மேற்படி' என்ற சொல்லைச் சுழியோடுதான் எழுதியிருந்தார். மிச்சம் நின்றவை மூன்று: நாற்பத்தொன்று, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. இலக்கத்தின் அடி வளைந்திருந்ததால் 1 போனது. 8-ஆ 9-ஆ என்பதுதான் கேள்வி. 9-இன் வாலை இடப்பக்கம் சுருட்டி எழுதுகிறவர்கள் உண்டு, அவர் வேறெங்கும் 9 எழுதியிருக்கவில்லை.

அடுத்து வெட்டுப்பட்ட அளவைப் பார்த்தேன். தாள் கண்ணாடி மேல் கொஞ்சம் சாய்ந்து கிடந்திருக்கிறது. மேல் வரிகள் முழுதாக இருந்தன, கீழே போகப் போக இழப்பு கூடியது. சந்தேகமில்லாமல் பூர்த்தி செய்யக்கூடிய சொற்களை வைத்து, பக்கத்து வரிகளில் எவ்வளவு போயிருக்கிறது என்று எண்ணலாம். 'சுவாதீ' என்று நின்ற இடத்தில் 'னம்' போயிருந்தது, 'பாத்திய' என்ற இடத்தில் 'தை'யும் இன்னும் ஒன்றிரண்டும். அந்த உயரத்தில் சுமார் மூன்று எழுத்துக்கு இடம். 'தெட்டு' என்றால் கொம்புக்குப் பின் மூன்று வடிவங்கள். 'தொன்பது' என்றால் துணைக்காலையும் சேர்த்து ஐந்து. இது 8 பக்கம் சாய்கிறது. ஆனால் வரி முடிகிற இடத்தில் எழுத்தை நெருக்கி எழுதாத பத்திர எழுத்தர் யார்?

இன்னொரு சான்றும் இருந்தது. வடக்கு எல்லையைச் சொல்லும்போது 'எனக்குப் பாத்தியப்பட்ட மீதி ஏக்கர் 2.88' என்று வந்தது. 4.36-இல் 2.88-ஐக் கழித்தால் 1.48. கணக்கு அழகாகப் பொருந்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரரும், "நாப்பத்தெட்டுதான் தம்பி, எங்கப்பா எத்தனையோ வாட்டி சொல்லியிருக்காரு" என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் 1.48 என்று வெறுமனே அடிக்கவில்லை. வழக்கே அந்த எல்லையைப் பற்றியது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கட்சிக்காரரின் அப்பா சொன்னது அவருக்குச் சாதகமான எண், அது பக்கத்தில் தெரிகிற எழுத்து ஆகாது. கழித்துப் பார்த்த கணக்கும் பத்திரம் எழுதியவர் கூட்டல் கழித்தலில் தவறவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வாய்க்காலுக்கோ பாதைக்கோ ஒரு சென்டை விட்டு மீதியைச் சொல்லும் பத்திரங்களையும் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஜெராக்ஸையும் தட்டச்சு நகலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார். அங்கே கறையும் இங்கே பளிச்சென்று 8-ம் இருந்தால், அந்த ஒரு இடத்துக்காக முழு நகலையும் சந்தேகிக்க அவருக்கு உரிமை வந்துவிடும்.

நான் அடித்தது இப்படி: இலக்கத்தில் 'ஏக்கர் 1.4[8 அல்லது 9 – முத்திரை]', எழுத்தில் 'ஒரு ஏக்கர் நாற்பத்[கொம்பு மட்டும் தெரிகிறது, சுமார் 3 எழுத்து – ஓரம் வெட்டு] சென்ட்'. கொம்பு, வரி இடம், 2.88 ஆகியவற்றைப் பற்றி வக்கீலுக்குத் தனித்தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஊகம் வாதத்துக்கு உதவும், அதை நகலுக்குள் வைக்கக் கூடாது.

இதற்காக எல்லா வெட்டையும் வெற்றிடமாக விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி விட்டால் படிக்கவே முடியாது, அதுவும் ஒரு வகையில் பொய்யான நகல்தான். 'சுவாதீ[னம்]', 'மேற்ப[டி]' போன்றவற்றை அடைப்புக்குறிக்குள் பூர்த்தி செய்துவிடுவேன். அந்த இடத்தில் வேறு சொல் வர வழியில்லை. பெயர், தலைப்பெழுத்து, தேதி, எண், உறவு இவற்றை மட்டும் தொடுவதில்லை. 'மக' என்று ஓரத்தில் நின்றால் அது மகனா மகளா என்று சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது. வாரிசுச் சண்டையில் அந்த ஒரு எழுத்துக்குத்தான் வழக்கே நடக்கும். முத்திரையையும் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாது. அதில் ஆவண எண்ணும், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்பதும் இருக்கும். அதையும் இருக்கிற இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் அடிப்பேன். இந்தப் பத்திரத்தில் பதிவு அலுவலகத்துக்கு மனுப் போட ஆவண எண் கிடைத்ததே அந்த முத்திரையிலிருந்துதான்.

அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவு அலுவலகத்தில் '1 புத்தகம்' என்ற பதிவேட்டில் ஏறும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி அதற்குச் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். வாங்கினோம். அதில் இலக்கத்திலும் எழுத்திலும் 48 இருந்தது. சரி, இப்போது அடைப்புக்குறியை எடுத்துவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் சான்றிட்ட நகலின் கிழக்கு எல்லையைக் காட்டினார். எங்கள் ஜெராக்ஸில் தெளிவாக 'ராமசாமி' என்று இருந்த பெயர் அதில் 'ராமச்சாமி' என்று இருந்தது. அந்தக் காலத்தில் புத்தகத்தில் கையால்தான் நகல் எழுதினார்கள். "பேர்ல கை மாறியிருக்கே, நம்பர்ல மாறலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார்.

ஜெராக்ஸின் தட்டச்சு நகல் அடைப்புக்குறியோடு அப்படியே நின்றது. சான்றிட்ட நகலைத் தனி ஆவணமாக அடுத்த எண்ணிட்டு, அதற்கும் 'ராமச்சாமி' என்றே ஒரு தட்டச்சு நகல் அடித்துச் சேர்த்தோம். பேங்கில் உள்ள ஒரிஜினலை நீதிமன்றம் வரவழைக்கக் கேட்டு மனு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது.