கொடைக்கானலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: கெஸ்ட்டுக்கு அனுப்பும் செய்தியை மூன்றாகப் பிரிப்பது

தினவாடகைக்கு வீடு விடும் பலர் முன்பதிவு உறுதியானதும் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரே செய்தியைத் தட்டிவிடுகிறார்கள். வழி, சாவி, கீசர், குப்பை, ரத்து விதி என எல்லாம் அதிலேயே இருக்கும். நாங்களும் தொடங்கியது அப்படித்தான். புக் செய்தவர் "ஓகே சார்" என்று போட்டுவிட்டு மூடிவிடுவார். மலையேறும் நாளில் வண்டி ஓட்டுவது அவருடைய மச்சானாக இருக்கும், கீசரைப் போடுவது மாமியாராக இருக்கும். இருவருமே அந்தச் செய்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் மூன்று செய்திகள். பணமும் ரத்து விதியும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன். வழியும் செக்-இன்னும் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில். வீட்டுக்குள் நடந்துகொள்ள வேண்டியது வந்து இறங்கிய பிறகு, பாதி செய்தியாகவும் பாதி சுவரில் ஒட்டிய தாளாகவும்.

சண்டை பெரும்பாலும் முதல் செய்தியில்தான் வரும், அதனால் அதை நிதானமாக எழுத வேண்டும். "7 நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணம் திரும்ப" என்று எழுதினால் அது எந்த 7 நாள் என்ற கேள்வி வந்தே தீரும். வெள்ளிக்கிழமை செக்-இன் என்றால் முந்தைய வெள்ளி இரவு பதினொன்றரை மணிக்கு ரத்து செய்பவர் "இன்னும் 7 நாள் இருக்கே" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே நாள் எண்ணிக்கையை எழுதுவதில்லை. ஒவ்வொரு முன்பதிவுக்கும் தேதியும் மணியும் போட்டு எழுதுகிறோம். ஓர் உதாரணம்:

"வணக்கம் சார். மே 15 வெள்ளி மதியம் 1 மணி முதல் மே 18 திங்கள் காலை 11 மணி வரை, 3 இரவு, 6 பேர். இரவுக்கு ரூ.5,000 வீதம் ரூ.15,000. அட்வான்ஸ் ரூ.7,500. மே 8 வெள்ளி மதியம் 1 மணிக்குள் ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு மே 13 புதன் மதியம் 1 மணி வரை ரத்து செய்தால் ஓர் இரவு வாடகை ரூ.5,000 பிடித்துக்கொண்டு ரூ.2,500 திருப்புவோம். அதற்கும் பிறகு என்றால் அட்வான்ஸ் திரும்ப வராது. ரத்து செய்வதை இந்த வாட்ஸ்அப்பிலேயே எழுதிப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய நேரமே கணக்கு. எங்கள் பக்கம் ஏதாவது ஆகி வீடு தர முடியாமல் போனால் முழு அட்வான்ஸும் அன்றே திரும்பும். சரி என்று பதில் போட்ட பிறகு பணம் அனுப்புங்கள்."

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. பணம் வந்த பிறகு சொன்ன விதியை யாரும் விதியாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதிப் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. போனில் "வர்றது கொஞ்சம் கஷ்டம்தான்" என்று ஒருவர் சொன்னால் அவர் மனதில் அது ரத்து, நமக்கு அது தகவல். இரண்டு நாள் கழித்து இரண்டு கணக்கு வரும்.

தேதி மாற்றத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன அதே கெஸ்ட், மே 12 அன்று "ஜூன் 19க்கு மாத்திக்கலாமா" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்கிறோம். மறுநாளே அதை ரத்து செய்கிறார். ஜூன் 19 தொலைவில் இருப்பதால் முழு அட்வான்ஸும் அவருக்குப் போக வேண்டும். நமக்கோ மே மாத வார இறுதி காலியாகிவிட்டது. எனவே இந்த வரியும் முதல் செய்தியில் இருக்கட்டும்: "தேதியை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ரத்து செய்தால், மாற்றம் கேட்ட நேரத்தில் என்ன கழிவு இருந்ததோ அதுவே பொருந்தும்." இந்த உதாரணத்தில் மே 12 என்பது நடுக்கட்டம், ஆக ரூ.5,000 கழியும்.

மழைக்கும் சாலைக்கும் தனியே ஒரு வரி வேண்டும். மழை பெய்கிறது என்பது ரத்துக்குக் காரணமாகாது, கொடைக்கானலில் அது வானிலை. ஆனால் மண்சரிவால் மாவட்ட நிர்வாகம் மலைச்சாலையை மூடினால், கெஸ்ட் நினைத்தாலும் வர முடியாது. அப்போது முழு அட்வான்ஸும் திருப்புவதுதான் சரி. வத்தலக்குண்டு சாலை மூடி, பழனி சாலை திறந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் விதி, ஒரு வழியாவது திறந்திருந்தால் தேதி மாற்றம் உண்டு, பணம் திரும்பாது. கடுமை என்று தோன்றினால் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

முன்பதிவுத் தளங்கள் வழியாக வருகிற கெஸ்ட்டுக்கு இந்தப் பத்தியை அனுப்பக் கூடாது. அங்கே பட்டியலில் எந்த ரத்து விதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அதுதான் செல்லும். தனியே வேறொரு விதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தகராறு வரும்போது நமக்கு எதிரான சான்றாக அதுவே நிற்கும்.

இரண்டாவது செய்தி ஈ-பாஸில் தொடங்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் ஈ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். epass.tnega.org தளத்தில் மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு எடுக்கலாம், கட்டணம் கிடையாது. பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. இரண்டு கார் வந்தால் இரண்டு பாஸ். கடைசி நேரத்தில் வேறு கார் எடுத்தால் அந்த எண்ணுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. தங்குமிட விவரம் கேட்கும் இடத்தில் பலர் முழிப்பார்கள், அதனால் முகவரியை அப்படியே நகலெடுத்துப் போடும்படி தனி வரியாகக் கொடுங்கள். கூட்டமான சீசனில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். ஆகையால் ஈ-பாஸ் பற்றிய குறிப்பை மட்டும் முதல் செய்தியோடு சேர்த்து ஒருமுறை சொல்லிவிட்டு, முந்தைய நாள் நினைவூட்டுவது நல்லது. பாஸ் எடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்டால் அது ரத்துக் கணக்கில்தான் சேரும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

அடுத்து வழி. இதை ஓட்டுநருக்கு ஃபார்வர்ட் செய்யும்படி தனிச் செய்தியாக, வேறு எதுவும் கலக்காமல் எழுதுங்கள். லொகேஷனை வீட்டு வாசலில் நின்று அனுப்பிப் பாருங்கள். மலைச்சரிவில் மேல் தெருவும் கீழ் தெருவும் வரைபடத்தில் ஒட்டி இருக்கும், சில மீட்டர் நகர்ந்தாலும் மேப் கீழ்த் தெருவுக்குக் கொண்டுபோய் "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். வீட்டுக்குச் செல்லும் கடைசித் திருப்பத்தில் கண்ணில் படும் அடையாளம் ஒன்றைப் படமெடுத்துச் சேர்க்கலாம். இரவில் வருகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்களுக்கு விளக்கு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படம். சாலை ஏற்றமா, எந்த வண்டி வரை திரும்பும், டெம்போ டிராவலர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இதில்தான் வர வேண்டும். பெரிய வண்டி பாதிச் சந்தில் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுத்துத் தர அந்த நேரத்தில் ஆள் கிடைக்காது.

அடையாள அட்டையையும் அன்றே வாங்கிவிடுங்கள். ஆதார் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேட்டால் போதும். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டியது வீடு தருகிறவரின் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா பக்கங்களை வந்த பிறகு கேட்டால் பாதி நாள் அதிலேயே போகும். இத்தனை மணிக்கு மேல் வந்தால் கேர்டேக்கர் இருக்க மாட்டார், சாவி எங்கே கிடைக்கும் என்பதைச் செக்-இன் பகுதியின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம் என்பதும் இங்கேதான் வர வேண்டும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு படித்து என்ன பயன், டிக்கியில் ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கும்.

மூன்றாவது செய்தி சின்னது. வீட்டு விதிகள் என்று இருபது வரி எழுதினால் ஒன்றும் நிற்காது. உயிருக்கு ஆபத்து எது, புகார் எதில் வரும் என்று பார்த்து அவற்றை மட்டும் எழுதுங்கள்.

முதலில் கரி. பார்பிக்யூ அடுப்பில் மிஞ்சிய தணலைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுவைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, புகை வராத தணலிலும் அது வரும். மலை ஊர்களில் இப்படி உயிர் போயிருக்கிறது. "அடுப்பு திண்ணையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது" என்று எழுதினால் மட்டும் போதாது, இரவு கேர்டேக்கர் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து எடுத்துப் போய்விட வேண்டும். கூடவே கூடுதல் கம்பளி எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதுங்கள். குளிர்வதால்தானே தணலைத் தேடுகிறார்கள்.

அடுத்தது கீசர், புகார் அதிகம் வருவது இதில்தான். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால் டிசம்பர் காலையில் 12 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைக் கலந்து குளித்தால் இரண்டு பக்கெட் வெந்நீர் வரும். ஷவரைத் திறந்துவிட்டால் ஒருவருக்கே சரியாகப் போய்விடும். ஆறு பேர் வரிசையாகக் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர், உடனே "கீசர் ரிப்பேர்" என்று போன். நாங்கள் குளியலறைக் கதவில் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்: "சுவிட்ச் போட்டு 40 நிமிடம் பொறுங்கள். இருவர் பக்கெட்டில் குளிக்கலாம். அடுத்த இருவருக்கு மீண்டும் 40 நிமிடம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் கீசர் ஓடாது." ஒட்டிய பிறகு அந்தப் போன் பெரிதும் குறைந்துவிட்டது.

மூன்றாவது, இரவு வாசலும் குப்பையும். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைத்தால் பகலில் குரங்கு வரும், இரவில் காட்டெருமை வரும். காட்டெருமை சாதுவாக நிற்பதைப் பார்த்துப் படமெடுக்கப் பக்கத்தில் போகிறவர்கள்தான் குத்துப்படுகிறார்கள். "வாசலில் நின்றால் உள்ளேயே இருங்கள், ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், விரட்ட வேண்டாம், கேர்டேக்கருக்குப் போன் செய்யுங்கள்" என்பது போதும். குப்பை மூடியுள்ள டிரம்மில், டிரம் சமையலறைக்குள்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை நினைவூட்டல் ஒன்று போதும்: 11 மணிக்குச் சாவி, கேர்டேக்கர் 10:30க்கு வந்து அறைகளைப் பார்ப்பார், காப்புத்தொகை வாங்கியிருந்தால் அவர் பார்த்து முடித்ததும் கெஸ்ட் வாசலில் இருக்கும்போதே திருப்பி அனுப்பப்படும். ஏதாவது கழிக்க வேண்டியிருந்தால் அதையும் அங்கேயே காட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வத்தலக்குண்டு இறங்கிய பிறகு உடைந்த கண்ணாடியின் படத்தை அனுப்பினால் அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.