கம்பெனியை மூடும் கேள்வியில் நான் மதிப்பெண்ணை விட்ட இடம்

கம்பெனி செகரெட்டரி படிப்பின் கடைசிக் கட்டத் தேர்வை முதல் முறை எழுதியபோது, ரெஜிஸ்ட்ராரின் பதிவேட்டிலிருந்து கம்பெனியை எடுக்கும் பெயர் நீக்கத்துக்கும், கலைப்பாளரை வைத்துக் கணக்குத் தீர்த்து மூடும் தன்னார்வக் கலைப்புக்கும் பன்னிரண்டு வித்தியாசங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேள்வியைப் பார்த்ததும் கோடு போட்டு அட்டவணையாக எழுதித் தள்ளினேன். கேட்டிருந்ததோ வேறு. இயங்காத ஒரு கம்பெனியின் இயக்குநர் உங்களிடம் வருகிறார், எந்த வழியைச் சொல்வீர்கள், அதற்குப் பிறகு அவர் நிலை என்ன என்பதுதான் கேள்வி. மதிப்பெண் சொல்லும்படி வரவில்லை. அடுத்த முறைக்காக இந்தப் பகுதியை ஒரே ஒரு கேள்வியை வைத்துத் திரும்பப் படித்தேன்: கதவைச் சாத்திய பிறகு யாராவது வந்து தட்டினால் யார் பதில் சொல்வது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பேச்சில் 'டார்மன்ட் கம்பெனி' என்றால் வியாபாரம் நின்றுபோன கம்பெனி, அவ்வளவுதான். 2013 கம்பெனிச் சட்டத்தில் அது 455-ஆம் பிரிவின்படி விண்ணப்பித்து வாங்கும் ஒரு தகுதி. பெயர் நீக்கத்துக்கான 248-ஆம் பிரிவு, இரண்டு நிதியாண்டுகளாகத் தொழில் நடக்காமலும் அந்தக் காலத்தில் இந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்காமலும் இருக்கும் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறது. அதனால் கேள்வியில் 'டார்மன்ட்' என்று வந்தால், எந்த அர்த்தத்தில் என்று முதல் வரியிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பொறி பழைய புத்தகங்களில் இருக்கிறது. தன்னார்வக் கலைப்புக்கு 304-ஆம் பிரிவு என்று அவற்றில் போட்டிருக்கும். அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. 2017 ஏப்ரல் முதல் அது திவால் சட்டத்தின் 59-ஆம் பிரிவு.

இப்போது நான் படிக்கப் பயன்படுத்திய கணக்கு. நானே கட்டிய கற்பனைக் கம்பெனிதான். இரண்டு இயக்குநர்கள் உள்ள தனியார் கம்பெனி, 2022 மார்ச்சில் தொழில் நின்றது. 2021-22 கணக்கைத் தாக்கல் செய்யவில்லை, அதற்குப் பிறகும் எதுவும் இல்லை. வங்கியில் 9 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஓர் இயக்குநர் கொடுத்த கடன் 4 லட்சம் நிற்கிறது. சரக்கு கொடுத்த ஒருவர் தனக்கு இன்னும் இரண்டரை லட்சம் வர வேண்டும் என்கிறார். சரக்கே பழுது, தர வேண்டியதில்லை என்கிறார்கள் இயக்குநர்கள். 2024 அக்டோபர் கடைசியில் நம்மிடம் வருகிறார்கள்.

எல்லோரும் முதலில் கை வைப்பது பெயர் நீக்க விண்ணப்பமான STK-2 படிவத்தில்தான். கட்டணம் 10,000 ரூபாய், வழியும் சுருக்கம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது. தொழில் நின்ற நிதியாண்டு வரைக்குமான கணக்கை AOC-4 படிவத்திலும் ஆண்டறிக்கையை MGT-7 படிவத்திலும் தாக்கல் செய்து முடித்திருக்க வேண்டும். (சிறு கம்பெனி என்றால் MGT-7A.) தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். 2022 அக்டோபர் கடைசியில் கொடுத்திருக்க வேண்டிய AOC-4 இரண்டு வருடம் தாமதம், அதாவது சுமார் 730 நாள், 73,000 ரூபாய். இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 70,000. பத்தாயிரத்தில் முடியும் என்று வந்தவர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். நான் எழுதிய அட்டவணையில் 'செலவு குறைவு' என்று ஒரு வரி இருந்தது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அதை அடித்துவிட்டேன்.

அவர்கள் நம்மிடம் வந்த 2024 அக்டோபர் தேதிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர், 164(2)-இன்படி ஐந்து வருடம் தகுதி இழக்கிறார். இங்கே மூன்றாவது ஆண்டான 2023-24-இன் கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. பெயர் நீக்கப்பட்டதால்தான் தகுதி போகிறது என்று எழுதுவது மிகச் சாதாரணமான தவறு. தகுதியைப் பறிப்பது தாக்கல் செய்யாமை. 2017-இல் ரெஜிஸ்ட்ரார்கள் தாங்களாகவே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நீக்கியபோது இரண்டும் சேர்ந்தே வந்ததால் இந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. நம் இயக்குநர்கள் நிலுவையைத் தாக்கல் செய்தால் அந்த மூன்றாண்டுத் தொடர் அறுபடும்.

சரி, தாக்கல் முடிந்தது. வங்கிப் பணத்திலிருந்து இயக்குநரின் 4 லட்சத்தைக் கொடுத்து, மீதியைப் பங்குதாரர்களோடு தீர்த்து, கணக்கை மூடிவிடலாம். பிறகு சிறப்புத் தீர்மானம், அல்லது செலுத்திய மூலதனத்தில் 75 சதவீதம் வைத்திருப்பவர்களின் சம்மதம். STK-8 கணக்கு அறிக்கையை ஆடிட்டர் சான்றளித்து, 30 நாளுக்கு மேல் பழசாகாமல் இணைக்க வேண்டும். ஒவ்வோர் இயக்குநரும், பின்னால் இழப்பு வந்தால் தானே ஈடு செய்வதாகச் சொல்லும் STK-3 ஈட்டுறுதிப் பத்திரமும் STK-4 பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். ரெஜிஸ்ட்ரார் பொது அறிவிப்பு கொடுத்து 30 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருப்பார்.

அந்த இரண்டரை லட்சம் என்ன ஆனது? பிரமாணப் பத்திரத்தில் 'பாக்கி ஏதும் இல்லை' என்று கையெழுத்துப் போடும் இடத்தில் அது வந்து நிற்கிறது. கடனை ஏமாற்றும் நோக்கத்தோடு விண்ணப்பித்ததாகத் தெரிந்தால் 251-ஆம் பிரிவு, நிர்வாகத்தில் இருந்தவர்களைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாக்குகிறது. மோசடிக்கான 447-ஆம் பிரிவு நடவடிக்கையும் வரலாம். ஏமாற்றும் எண்ணமே இல்லை என்றாலும் 248(7) இருக்கிறது. கம்பெனி கலைந்த பிறகும் இயக்குநர், அதிகாரி, உறுப்பினர் ஆகியோரின் பொறுப்பு கம்பெனி கலையாதது போலவே தொடரும். கடன் கொடுத்தவர் 252-இன் கீழ், அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 20 வருடத்துக்குள் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் போய்க் கம்பெனியை மீண்டும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். இருபது வருடம்! விடைத்தாளில் நான் இதைத் தொடவே இல்லை.

59-ஆம் பிரிவு வழி நீளம்தான், ஆனால் அதில் தகராறுகளைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். பெரும்பான்மை இயக்குநர்கள், கடன் இல்லை அல்லது சொத்தை விற்று முழுவதும் அடைக்க முடியும் என்று பிரமாணம் செய்வார்கள். அதோடு இரண்டு வருடத் தணிக்கைக் கணக்கும், சொத்து இருந்தால் மதிப்பீட்டு அறிக்கையும் போகும். நான்கு வாரத்துக்குள் சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவு பெற்ற திவால் நிபுணர் ஒருவரைக் கலைப்பாளராக நியமிக்க வேண்டும். கடன் இருந்தால் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக் கடன்காரர்கள் ஏழு நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். கலைப்பாளர் ஐந்து நாளில் பொது அறிவிப்பு கொடுத்து உரிமைகோரல்களை வாங்குகிறார். நம் சரக்குக்காரரும் பில்லோடு வருவார். ஏற்பதா மறுப்பதா என்பது இயக்குநர்கள் கையில் இல்லை, கலைப்பாளர் கையில். கடைசியில் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு கம்பெனி கலைகிறது. 248(7) போன்ற வாசகம் இந்தப் பிரிவில் இல்லை. இயக்குநரின் ஆபத்து பெரும்பாலும் தொடக்கத்தில் கொடுத்த அந்த ஒரு பிரமாணத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று: கடன் தவணை தவறிய கம்பெனிக்கு 59 திறக்காது. கலைப்பு என்றாலே கடனில் மூழ்கிய கம்பெனிக்கு என்று நானும் நினைத்திருந்தேன். இந்த இரண்டு வழியும் கடனைத் தீர்க்கக்கூடிய கம்பெனிக்குத்தான்.

இரண்டாம் முறை இதே மாதிரிக் கேள்வி வந்தபோது அட்டவணை போடவில்லை. சரக்குக்காரரிடம் ஒரு தொகைக்குப் பேசி முடித்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்க முடிந்தால் STK-2 போதும். அவர் இறங்கி வராவிட்டால், தகராறு உண்மையானது என்று காட்டக் கடிதங்கள் இருக்கும் பட்சத்தில் 59-க்குப் போகலாம் என்ற பாணியில் எழுதினேன். பழுதான சரக்கைப் பற்றி இயக்குநர்கள் அந்த நாளிலேயே எழுத்தில் புகார் அனுப்பினார்களா என்று கேட்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.