மதாமுக்கு ஒரு ‘நீ’

புதுச்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டைச் ‘சொல்தா வீடு’ என்றுதான் தெருவில் சொல்வார்கள். அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் சம்பந்தமாகப் பிரான்சிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது, பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருந்த என் வேலை. நடுவில் இருப்பது பாதி புரியாது. கடைசி வரி மட்டும் எனக்கு மனப்பாடம். எந்தக் கடிதம் வந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் முடியும்:

```
Veuillez agréer, Monsieur,
l'expression de mes sentiments distingués.
```

“உங்களுக்கு மரியாதை சொல்லி முடிச்சிருக்காங்க தாத்தா” என்பேன். “அது எல்லாருக்கும் போடுறதும்மா. பணம் வருதா இல்லையா, அதைப் படி” என்பார். அந்த வரியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிய, வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆனது.

பேக்கிங் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில், பிரெஞ்சு பேசும் வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலை. எந்தப் பாகம், எத்தனை, எப்போது வரும், பில்லில் என்ன தவறு, இவ்வளவுதான் விஷயம். நான் சேர்ந்தபோது என் தலையில் ஒரு சமன்பாடு இருந்தது. ‘தூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். இதில் தமிழருக்கு என்ன கஷ்டம்? ஒருவரையே பன்மையில் அழைத்து மரியாதை காட்டுவது நம் வீட்டுப் பழக்கம்தானே.

அங்கேதான் சறுக்கினேன். நம் ‘நீங்கள்’ மேல்நோக்கிப் போவது. அப்பாவை நான் நீங்கள் என்பேன், அவர் என்னை நீ என்பார். இருவருக்கும் அதில் குறை தோன்றாது. பிரெஞ்சு அலுவலகத்தில் அப்படி ஒருபக்கமாகப் போகாது. ஐம்பத்தைந்து வயது மேலாளர் எனக்கு ‘வூ’ போடுவார், நானும் அவருக்கு ‘வூ’. ஒருநாள் ‘தூ’ ஆனால் இருவருமே ‘தூ’. ஒருவர் ‘தூ’ சொல்லிக்கொண்டிருக்க இன்னொருவர் ‘வூ’விலேயே நின்றால், அங்கே அது பணிவாகப் படாது. ஒன்று, முதலாமவர் அதட்டுகிறார். அல்லது இரண்டாமவர் விலகி நிற்கிறார். ‘வூ’ அளப்பது வயதையும் பதவியையும்விட இடைவெளியைத்தான்.

லியோன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவைப் பார்க்கும் அம்மாளுடன் ஆறு மாதமாக மெயில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மெயில்களில் அவர் ‘போன்ழூர் மதாம்’ என்று தொடங்கி ‘கோர்தியால்மான்’ என்று முடித்தார். இது நடு இடம். சூடும் இல்லை, குளிரும் இல்லை. மூன்றாம் மாதம் ‘மதாம்’ போய் என் பெயர் வந்தது, ஆனால் வாக்கியத்துக்குள் ‘வூ’ அப்படியே இருந்தது. பெயரும் ‘வூ’வும் சேர்ந்து வரும் இந்த நடுப்படியை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. பல வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் இந்தப் படியிலேயே இருப்பார்கள், மேலே ஏற வேண்டியதும் இல்லை. அப்புறம் கடைசி வரி ‘பியான் ஆ வூ’ ஆனது. ‘என்றும் உங்கள்’ என்கிற மாதிரி, ஒரு பிடி சூடு கூடியது. ஆறாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மெயிலின் அடியில் இந்த வரி:

```
On peut se tutoyer, si vous voulez.
```

நாம் ‘தூ’ போட்டுக்கொள்ளலாமே, நீங்கள் விரும்பினால். ‘தூ’வுக்கு அழைக்கும் வாக்கியத்திலும் ‘வூ’தான் இருக்கிறது, கவனியுங்கள். பதில் வரும் வரை அவர் வாசற்படி தாண்டவில்லை.

நான் என்ன செய்தேன்? “சந்தோஷம்” என்று பதில் போட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே ‘வூ’ என்று எழுதினேன். அடுத்த மெயிலிலும் ‘வூ’. அவருக்கு என் சித்தி வயது. சித்தியைப் போய் நீ என்பதா? விரல் வரவில்லை. அவர் இரண்டு மெயிலில் ‘தூ’ போட்டுப் பார்த்தார். மூன்றாவதில் அவரும் ‘வூ’வுக்குத் திரும்பினார். கடைசி வரி மறுபடி வெறும் ‘கோர்தியால்மான்’. மரியாதையாக நடந்துகொண்டதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கையைப் பிடிக்காமல் கும்பிடு போட்டிருக்கிறேன் என்பது தெரியவில்லை.

தெரிந்தது, சரக்கு தவறாகப் போனபோது. அவர் கேட்டது 32 மில்லிமீட்டர் ரப்பர் வளையம் நாற்பது. போய்ச் சேர்ந்தது 35. ஒரு லைன் ஒன்றரை நாள் நின்றுவிட்டது. அவரிடமிருந்து வந்த மெயில் ‘மதாம்,’ என்ற ஒற்றைச் சொல்லோடு தொடங்கியது. ‘போன்ழூர்’ இல்லை, பெயர் இல்லை. முடிவில் இருந்தது எங்கள் சொல்தா தாத்தாவுக்கு வரும் அதே நீள வரி. என்னுடன் வேலை செய்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லக்கா, மரியாதையாத்தான் முடிச்சிருக்காங்க” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால், அந்த நீளத்தை அந்தந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். முன்பின் தெரியாத அரசு அலுவலகம் எழுதினால் அது வெறும் சம்பிரதாயம், தாத்தா சொன்ன மாதிரி எல்லாருக்கும் போடுவது. ‘பியான் ஆ வூ’ வரை வந்தவர் திடீரென்று அதை எழுதினால் கதவைச் சாத்துகிறார் என்று அர்த்தம். அடுத்தது மெயிலாக வராது, ஒப்புகையுடன் பதிவுத் தபாலாக வரலாம். நம்மிலும் உண்டு இது. நேற்றுவரை வாடி போடி என்ற தோழி இன்று “நீங்க சொல்லுங்க மேடம்” என்றால் நமக்குத் தெரியாதா?

பதிலை எங்கள் மேலதிகாரி பார்த்தார். இருபது வருடம் இதே வேலை செய்தவர். நான் பயத்தில் ‘கோர்தியால்மான்’ என்று முடித்திருந்தேன். “அவங்க ஏறின படிக்கு நீயும் ஏறு. புகார் ஓயுற வரைக்கும் ‘கோர்தியால்மான்’ போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்” என்றார். சரி என்று நீள வரிக்கு மாற்றினேன். அதிலும் தவறு கண்டுபிடித்தார். நான் எழுதியது முதல் வரி, அவர் திருத்தியது இரண்டாவது:

```
Dans l'attente de votre réponse, veuillez agréer…
Dans l'attente de votre réponse, je vous prie d'agréer…
```

முதல் வரியில் ‘உங்கள் பதிலை எதிர்பார்த்து’ என்று தொடங்கிவிட்டு ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று முடித்திருக்கிறேன். எதிர்பார்ப்பது நான், ஏற்பது அவர். தமிழில் ‘எதிர்பார்த்து’ மாதிரியான வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே எழுவாய் வேண்டும் என்று படித்திருக்கிறோமே, அதே சங்கதி. ‘நான் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தால் இரண்டு பக்கமும் நானே ஆகிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்களே நிறையப் பேர் முதல் வரி மாதிரிதான் எழுதுகிறார்கள். ஆனால் கோபமாக இருப்பவர் நம் மெயிலை வாத்தியார் கண்ணோடு படிப்பார்.

இன்னொன்றும் சொன்னார். தொடக்கத்தில் எப்படி அழைத்தோமோ, அதே சொல்லைத்தான் கடைசி வரியின் நடுவிலும் வைக்க வேண்டும். மேலே ‘மதாம்,’ என்றால் கீழேயும் ‘மதாம்’ மட்டும். அங்கே குடும்பப் பெயரைச் சேர்க்கக் கூடாது. ஆணா பெண்ணா தெரியாத முதல் கடிதத்தில் ‘மதாம், மொஸ்யே’ என்றால் கீழேயும் இரண்டும் வர வேண்டும். கல்யாணமாகாத பெண்ணை அழைக்கும் ‘மத்மொஸேல்’ பக்கமே போகாதே என்றார். 2012இல் பிரெஞ்சுப் பிரதமர் ஃபியோன் ஒரு சுற்றறிக்கை மூலம் அரசுப் படிவங்களில் இருந்தே அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆனதா இல்லையா என்பது உதிரி பாகம் வாங்க எதற்கு?

‘ஸாந்திமான்’ என்ற சொல்லையும் அன்று என் வரியிலிருந்து எடுத்து ‘சலுதாசியோன்’ போடச் சொன்னார். உணர்வுகள் வேண்டாம், வணக்கம் போதும். ஆண் பெண்ணுக்கோ பெண் ஆணுக்கோ எழுதும்போது உணர்வைச் சொல்லக் கூடாது என்பது பழைய மரபு. இன்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆனால் ‘சலுதாசியோன்’ யாருக்கு எழுதினாலும் வம்பில்லை. அதை எழுதும்போது ‘எக்ஸ்ப்ரெசியோன்’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்பார்கள் இலக்கணக்காரர்கள். உணர்வைத்தான் வெளிப்படுத்த முடியும். வணக்கத்தை நேராகவே சொல்லிவிடலாம்.

சரியான வளையங்கள் நான்காம் நாள் போய்ச் சேர்ந்தன. அவருடைய பதிலைத் திறந்ததும் முதலில் அடிக்குத்தான் போனேன். ‘கோர்தியால்மான்’. அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து எந்த மெயிலையும் கீழிருந்துதான் படிக்கிறேன். ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் போடக் கூடாது. பெல்ஜியத்தில் ‘பியான் ஆ வூ’ சாதாரணமாகவே வரும், அதை நட்பு என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். சுவிஸ்காரர்கள் ‘மெய்யர் சலுதாசியோன்’ போடுவார்கள், அதில் கோபம் ஏதும் இல்லை. கியூபெக்கில் ‘தூ’ சீக்கிரம் வந்துவிடும், சில சமயம் இரண்டாவது மெயிலிலேயே. அங்கே ஆங்கில ‘சின்சியர்லி’ பழக்கத்தில் ‘ஸான்செர்மான்’ என்று மட்டும் போட்டு முடித்தால் மொழிப்பற்று உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘கோர்தியால்மா’னை ‘Cdt’ என்று சுருக்குவதை மட்டும் எந்த நாட்டுக்கும் செய்ய மாட்டேன். எனக்கு நேரமில்லை என்று எழுதி அனுப்புகிற மாதிரி அது.

லியோன் அம்மாளிடம் மூன்று மாதம் கழித்து நானே கேட்டேன். ‘நீங்கள் முன்பு சொன்னது இன்னும் செல்லும் என்றால், நாம் ‘தூ’ போட்டுக்கொள்ளலாமா? எங்கள் மொழியில் வயதில் பெரியவரை அப்படி அழைக்க மாட்டோம், அதனால்தான் அப்போது கை வரவில்லை’ என்று எழுதினேன். வயதைப் பற்றி எழுதியிருக்க வேண்டாமோ என்று அனுப்பிய பிறகு தோன்றியது. நல்லவேளை, சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது, கூடவே ‘தூ’.

அடுத்த மெயிலை எழுத அரை மணி நேரம் ஆனது. ‘வூ’வை ‘தூ’ ஆக்கினால் மட்டும் போதாது. ‘உங்கள்’ என்கிற ‘வோத்ர்’ எல்லாம் ‘உன்’ என்கிற ‘தோன்’ ஆக வேண்டும். இணைப்பைச் சுட்டும் ‘வெய்யே த்ரூவே’ என்ற விறைப்பான தொடரை ‘தூ த்ரூவரா’ என்று இறக்க வேண்டும். டெலிவரி பற்றிய பத்தியை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்து ஒட்டுவது வழக்கம், அதில் மூன்று ‘வூ’ ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, கடைசி வரியை ‘பியான் ஆ த்வா’ என்று முடித்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்:

```
Merci ! Mais ta signature me vouvoie encore.
```

உன் கையெழுத்து இன்னும் எனக்கு ‘வூ’ போடுகிறதே என்கிறார். மெயிலின் அடியில் நிறுவனம் தானாகச் சேர்க்கும் நான்கு வரி, ‘உங்களுக்குச் சேவை செய்வதில்...’ என்று தொடங்குவது. அதை ஐ.டி. பிரிவுதான் மாற்ற முடியும். கேட்டுப் பார்த்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றுதான் என்றார்கள்.