கல்யாணப் படத்துச் சிரிப்பிலிருந்து பல் கிளிப்பை எடுத்தது: செய்து பார்த்த குறிப்பு

அக்காவின் வரவேற்பில் எடுத்த படம். 15 வயதுப் பெண், தோள் வரை, நன்றாகவே சிரிக்கிறாள். மேல்வரிசையில் உலோகக் கிளிப், பல்லில் ஒட்டிய ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஊதா ரப்பர் வளையம். கீழ்வரிசை பாதிக்கு மேல் உதட்டுக்குள் மறைந்திருக்கிறது. ஃபிளாஷை இடப்பக்கக் கூரையில் அடித்துத் திருப்பியிருக்கிறார்கள். அதனால் வெளிச்சம் மிருது, ஆனால் ஒவ்வொரு பிராக்கெட்டின் மேல்விளிம்பிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. முழு அளவில் வாய் ஏறக்குறைய 600 பிக்சல் அகலம். 300 பிக்சலுக்குக் கீழே போனால் பல்லின் நிறத்தைக் கற்பனையில்தான் பூச வேண்டியிருக்கும். மாற்றித் தரச் சொன்னதே அந்தப் பெண்தான். அவள் போட்ட நிபந்தனை: "கிளிப் மட்டும் போகட்டும், பல்லு என் பல்லாவே இருக்கட்டும்." ஆகவே சற்றே திரும்பி நிற்கும் இரண்டாம் பல்லை நேராக்கவில்லை. நேராக்கியிருந்தால் வீட்டில் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

வேலை முழுக்க ஃபோட்டோஷாப்பில். முதலில் ஓர் அளவுக் கணக்கு. நடுமுன்பல் ஏறக்குறைய 10 மி.மீ. உயரம், 8.5 மி.மீ. அகலம். நடுவில் உட்காரும் பிராக்கெட் 3.5 மி.மீ. அளவுக்கு மறைக்கிறது. இந்தப் படத்தில் அது சுமார் 35 பிக்சல். அப்படியானால் மேலும் கீழும் சுமார் 30 பிக்சல் உயரத்துக்குச் சுத்தமான எனாமல் மிஞ்ச வேண்டும். ஆனால் பிராக்கெட்டின் நிழல் அதற்குக் கீழே 8 முதல் 10 பிக்சல் வரை விழுகிறது, மேலே ஈறின் சிவப்பு கொஞ்சம் படர்கிறது. மாதிரி எடுக்க நிஜமாகக் கிடைப்பது பக்கத்துக்கு 20 பிக்சல்தான். பதின்வயதில் ஈறு இன்னும் முழுதாக மேலேறியிருக்காது, பல் குட்டையாகத் தெரியும். அதை நீட்டி அழகுபடுத்தினால் பெரியவர் பல்லைப் பிள்ளை முகத்தில் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

குளோன் பண்ணும் முன்பே ஊதாவைக் கழுவிவிட வேண்டும். ஜேபெக் கோப்பில் நிற விவரம் பெரும்பாலும் வெளிச்ச விவரத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படும். அதனால் ரப்பரின் ஊதா பக்கத்து எனாமலில் சில பிக்சல் கசிந்து நிற்கும். கேமராவின் `RAW` கோப்பிலிருந்து எடுத்தாலும் ரப்பரின் பிரதிபலிப்பு பல்லில் மெலிதாக இருக்கும். இதை விட்டுவிட்டுக் குளோன் செய்தால் அந்தச் சாயத்தைப் பல் முழுக்க நாமே பரப்புகிறோம். கடைசியில் பற்கள் ஏன் நோயாளி பல்போல் இருக்கின்றன என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். வெறும் லேயர் ஒன்றை வைத்து, அதன் மோடை `Color` ஆக்கி, அதே பல்லின் சுத்தமான இடத்து நிறத்தை எடுத்து, 40 சதவீத ஒபாசிட்டியில் பிரஷ் பூசினால் போதும். வெளிச்சம் அப்படியே நிற்கும், சாயம் மட்டும் போகும்.

அடுத்தது பென் டூல். தெரியும் ஒவ்வொரு மேற்பல்லுக்கும் தனித்தனி பாத் வரைந்து சேமிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் முழு வேலையும் இதில்தான் நிற்கிறது. கம்பி பற்களின் இடைவெளிகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. எல்லைக்கோடு இல்லாமல் அதை அழித்தால் பற்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும். கம்பிக்கு மேலே தெரியும் இடைவெளியையும் கீழே தெரியும் இடைவெளியையும் பார்த்து, நடுவில் மறைந்த கோட்டை ஊகித்து இணைக்க வேண்டும். அது நேர்கோடு அல்ல. ஈறுப் பக்கம் சிறு முக்கோணம், நடுவில் பற்கள் தொடும் இடத்தில் மெலிந்த கோடு, வெட்டு விளிம்பில் மறுபடி விரிவு.

பிறகு ஒவ்வொரு பல்லாக. பாத்தைச் செலக்‌ஷனாக மாற்றி 1 பிக்சல் ஃபெதர். புது லேயர். குளோன் ஸ்டாம்ப், சாம்பிள் `Current & Below`, பிரஷ் 20 பிக்சல், ஹார்ட்னஸ் 50. மேல்பட்டையிலிருந்து எடுத்துப் பிராக்கெட்டின் மேல்பாதிக்கு, கீழ்ப்பட்டையிலிருந்து எடுத்து (நிழலுக்குக் கீழே தொட்டு) கீழ்ப்பாதிக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒபாசிட்டியை 30க்கு இறக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறித் தட்ட வேண்டும். பற்களுக்கு நடுவே ஓடும் கம்பிக்குத் தனி வழி உண்டு: தனித்தனி வெறும் லேயரில் குளோன் செய்து, அதன் இருண்ட கீழ்விளிம்புக்கு லேயரின் மோடை `Lighten`, பளபளக்கும் மேல்விளிம்புக்கு `Darken`. வேண்டாததை மட்டும் தொடும், சுற்றியிருப்பது அசையாது.

ஹீலிங் பிரஷ்ஷை இங்கே எடுக்கக் கை துறுதுறுக்கும். அது பூசும் இடத்தின் ஓரத்து நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் கருவி. பூச்சின் ஓரம் உதட்டையோ ஈறையோ தொட்டால், பல்லுக்குள் சிவப்பு மேகம் ஒன்று இறங்கிவிடும். பல்லின் நட்டநடுவில் மிச்சமிருக்கும் சிறு புள்ளிகளுக்கு மட்டும் அது சரி.

இந்தக் கட்டத்தில் கிளிப் போயிருக்கும், ஆனால் பற்கள் செத்துப்போன மாதிரி தெரியும். காரணம் எளிது. பல்லின் மிக எடுப்பான, வெளிச்சம் வாங்கும் பகுதி நடுப்பகுதி. அதைத்தான் பிராக்கெட் மறைத்திருந்தது. நாம் நிரப்பியதோ ஈறோரத்து மங்கலையும் விளிம்போரத்துச் சாம்பலையும். ஆக நடுவில் வெளிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பல் லேயருக்குக் கிளிப்பிங் மாஸ்க்காகக் கட்டிய ஒரு கர்வ்ஸ், மிடில் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, பல்லின் உயரப்போக்கில் ஒரே ஒரு மென்மையான வெள்ளைக் கீற்று. வெளிச்சம் இடப்பக்கம் என்பதால் கீற்று ஒவ்வொரு பல்லிலும் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி விழ வேண்டும். ஒரு நடுமுன்பல்லை முடித்து, புரட்டி மற்றதன்மேல் வைக்கும் குறுக்குவழி பரவலாக இருக்கிறது. இந்தப் படத்தில் அது உதவாது. புரட்டினால் கீற்றும் வலப்பக்கம் போய்விடும்.

நிறத்திலும் ஒரே வெள்ளை கிடையாது. இந்தப் படத்தில் அளந்தபோது நடுமுன்பல் 214, 200, 184. கோரைப்பல் 196, 178, 156, அதாவது இருட்டும் மஞ்சளும் கூட. அதற்கு அப்பால் உள்ள பற்கள் கன்னத்தின் நிழலில் இன்னும் இறங்கும். முன்பல் நிறத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் கட்டுப்பல் செட் ஆகிவிடும். இடைவெளிக்குக் கறுப்பும் கூடாது. அங்கே 92, 52, 46 மாதிரி ஒரு செம்பழுப்புதான் இருக்கிறது. கறுப்புக் கோடு போட்டால் பல்லை மார்க்கரில் வரைந்ததுபோல் இருக்கும்.

இனி உதடு. கிளிப்பை எடுத்த படங்களில் 'ஏதோ இடிக்கிறது' என்று தோன்றினால், பல்லைவிட உதட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தப் படத்தில் மேலுதட்டின் உள்விளிம்பு இடப்பக்கக் கோரைப்பல் பிராக்கெட்டில் மாட்டி, அரிசி அளவுக்குச் சின்னதாக மேலே எகிறியிருக்கிறது; அந்த முடிச்சின்மேல் ஒரு பளபளப்பும். பிராக்கெட் போன பிறகு அந்த முடிச்சுக்குக் காரணமே இல்லை. லிக்விஃபையில் ஃபார்வர்ட் வார்ப், பிரஷ் 80, பிரெஷர் 20, மூன்று நான்கு பிக்சல் கீழே தள்ளியதும் விளிம்பு ஒரே வளைவானது. பளபளப்பை முழுக்க அழிக்கவில்லை, பாதியாகக் குறைத்ததோடு சரி. கிளிப் உதட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளித்தான் வைத்திருக்கும். அதற்காக உதடு முழுவதையும் உள்ளே இழுக்கப் போனால் முகமே மாறிவிடும். அதைத் தொடவில்லை.

இன்னொன்று நிழல். கிளிப் இருந்தபோது மேலுதட்டின் நிழல் பாதி பிராக்கெட்டின்மேல் விழுந்து அதோடு போய்விட்டது. இப்போது அது நேரே பல்லில் விழ வேண்டும். `Multiply` லேயரில் இடைவெளியின் செம்பழுப்பை எடுத்து, 25 பிக்சல் மிருதுவான பிரஷ்ஷில், 12 சதவீதத்தில், உதட்டை ஒட்டி ஓர் ஓட்டம், வாய் மூலைகளில் இன்னோர் ஓட்டம். இது இல்லாவிட்டால் பற்கள் உதட்டுக்கு முன்னால் மிதக்கும். கீழுதட்டின் ஈரத்தில் உலோகம் தெறித்த பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகளில் பிராக்கெட்டுக்கு நேர்கீழே இருப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும். உதட்டின் சொந்தப் பளபளப்பு இருக்கட்டும்.

திரும்பத் திரும்பக் குறைந்த ஒபாசிட்டியில் குளோன் செய்ததில் படத்தின் மணிமணியான நாய்ஸ் கரைந்துபோய், பல் மட்டும் மெழுகாக நிற்கும். 50 சதவீதச் சாம்பல் லேயர், மோட் `Overlay`, `Add Noise` 2 சதவீதம், `Gaussian`, `Monochromatic`. பூசிய இடங்களுக்கு மட்டும் மாஸ்க். கன்னத்தையும் பல்லையும் 200 சதவீதத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சரிபார்ப்புக்கு இரண்டே காரியம். படத்தை இடவலமாகத் திருப்பி 25 சதவீதத்தில் பார்ப்பது. எங்கே கண் நின்றாலும் அங்கே குறை. மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயர் வைத்துப் பார்ப்பது. பிராக்கெட் இருந்த இடத்தில் சதுரமான மங்கல் மிச்சமிருந்தால் நிறத்தில் ஒளிந்தது இதில் வெளியே வரும். இந்தப் படத்தில் வலப்பக்க இரண்டாம் பல்லில் அப்படி ஒரு சதுரம் கிடந்தது. கீழ்விளிம்பில் நிழலோடு சேர்த்து மாதிரி எடுத்தால் இதுதான் வரும். வெண்மையாக்குவதை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்: `Hue/Saturation`, `Yellows`, சாச்சுரேஷன் -15. லைட்னஸைத் தொட வேண்டியதில்லை.

கிளிப்புக்குப் பதில், பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் என்றால் கணக்கு வேறு. முன்னால் ஒற்றைக் கம்பி ஓடும் வகை மிகச் சுலபம். பிராக்கெட் இல்லை, மேலே சொன்ன `Lighten`, `Darken` வேலையிலேயே முடிந்துவிடும். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் வகைதான் ஏமாற்றும். அடியில் பல் முழுதாகத் தெரிவதால் வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் இடைவெளிகளின் மேலே பாலம் போட்டதுபோல் ஒரு பளபளப்பு ஓடும், ஈறோரத்தில் பிளாஸ்டிக்கின் விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். முதலில் பாலத்தை `Darken` மோடில் உடைத்து ஒவ்வொரு இடைவெளியையும் பிரிக்க வேண்டும், பிறகு ஈறோரக் கோடு. வரிசையை மாற்றினால் எவ்வளவு பூசினாலும் பற்கள் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும்.