104 பேர் லாகின், அப்புறம்?

கஸ்டமர் சக்சஸ் மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூ. எதிரே இருந்த பெண்மணி என் ரெஸ்யூமேயைப் பிரிக்கவே இல்லை. "கோபத்துல இருந்த ஒரு அக்கவுன்ட் பத்திச் சொல்லுங்க. ரினியூ ஆச்சாங்கிறதைக் கடைசியில சொன்னா போதும்" என்றார்.

ஏசி சர்வீஸ் கம்பெனி ஒன்றைச் சொன்னேன். டெக்னீஷியன்களுக்காக எங்கள் ஆப்பில் 120 லைசென்ஸ் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. ஆனால் வேண்டாமென்றால் 60 நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், என் கையில் இருந்தது இரண்டே மாதம். எங்கள் டாஷ்போர்டில் அந்த அக்கவுன்ட் பச்சையில்தான் இருந்தது. இதற்கிடையில் ஆப்பை வாங்கிய ஆபரேஷன்ஸ் ஹெட் வேலையை விட்டுப் போயிருந்தார். அது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அதுவே முதல் தப்பு. புதிதாக வந்தவர் எடுத்த எடுப்பிலேயே "இதை யாரும் யூஸ் பண்றதில்லை" என்றார்.

104 பேர் லாகின் ஆகிறார்கள் என்ற ஸ்லைடைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "அது அட்டெண்டன்ஸ் போடறதுக்கு சார். காலையில பட்டனை அழுத்திட்டு மூடிடுவாங்க."

அன்று இரவு வேறு கணக்கு எடுத்தேன். ஒரு வேலையை ஆப்பில் திறந்து, கையெழுத்து வாங்கி, ஆப்பிலேயே முடித்தவர்கள் எத்தனை பேர்? 38. அதிலும் ஏறக்குறைய எல்லோரும் கோயம்புத்தூர் கிளை. மதுரையிலும் திருச்சியிலும் வேலையைத் திறக்கிறார்கள், உதிரிபாகத் திரையில் நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டு கிளைகளுக்கும் பார்ட்ஸ் பட்டியலை யாரும் ஏற்றவே இல்லை. பார்ட் நம்பர் போடாமல் ஆப் நகராது. அவர்களும் பழையபடி காகிதத்தில் எழுதி, வாட்ஸப்பில் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பட்டியலை ஏற்றினோம். மதுரையில் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். ஆறு வாரத்தில் 38 என்பது 74 ஆனது.

ரினியூவல் மீட்டிங்கில் அந்த எண்ணை முன்னால் வைக்கவில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்கள் சந்தோஷம். அவருக்கு வேண்டியது பில். வேலை முடிந்த தேதி, பில் போட்ட தேதி இரண்டையும் அவருடைய அக்கவுன்ட்ஸ் ஆட்களிடமே வாங்கினேன். காகிதத்தில் முடிந்த வேலைக்குப் பில் போக சராசரியாக 9 நாள், ஆப்பில் முடிந்ததற்கு 3 நாள். ஒரே கிளை, ஒரே மாதம் என்று வைத்துத்தான் ஒப்பிட்டேன். கோடையையும் மழைக்காலத்தையும் பக்கத்தில் வைத்தால் ஏசிக்காரர் உடனே பிடித்துவிடுவார்.

"சரி, ரினியூ ஆச்சா?"

"ஆச்சு. 90 லைசென்ஸுக்கு."

"30 போச்சே. அதை அவங்களே கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல மேடம். அந்த 30 பேரும் ஆபீஸ் ஸ்டாஃப், அவங்களுக்கு இது தேவையில்லைன்னு நான்தான் சொன்னேன். எங்க சேல்ஸ் ஆள் ஒரு வாரம் என்கிட்ட பேசல."

அப்போதுதான் அவர் பேனாவை எடுத்தார்.