கை தூக்கினால் சட்டையும் கூடவே எழும்பியது: என் சாறி பிளவுஸ் அளவு மாற்றிய கதை

நான் மல்லாவிப் பக்கத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் சாறிதான். காலையில் சைக்கிள், பிறகு கரும்பலகை. கை ஒரு நாளைக்கு எத்தனை தரம் தலைக்கு மேலே போகும் என்று கணக்கில்லை. அதனால் பிளவுஸின் கைக்குழி சரியில்லாவிட்டால் அன்றைய நாள் முழுக்க அதோடுதான் போராட்டம். மூன்று மாதமாக அந்தப் போராட்டத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் மீண்டிருக்கிறேன்.

என்னிடம் இருந்த அளவுச் சட்டை கலியாணத்துக்குத் தைத்தது. கை நீளம் 5 அங்குலம், பின்கழுத்து ஆழம் 9. பள்ளிக்கூடத்துக்கு எனக்கு வேண்டியது கை 9, பின்கழுத்து 6, கமக்கட்டில் இறுக்கம் இல்லாமை. இந்த மூன்றையும் சொல்லி, அந்தச் சட்டையையும் கொடுத்து, மாங்குளம் போய் ஏ-9 வீதியில் பஸ் பிடித்து கிளிநொச்சியில் ஒரு கடையில் கொடுத்தேன். நான் செய்த முதல் பிழை அதுதான். மாற்றங்களை வாயால் மட்டும் சொன்னேன். அளவுச் சட்டை மேசையில் இருந்தால் வெட்டுகிறவரின் கண் அதைத்தான் பார்க்கும். நீங்கள் சொன்னது காதோடு போய்விடும்.

இரண்டு கிழமை கழித்து வாங்கிப் போட்டேன். கை 9 அங்குலம் இருந்தது, ஆனால் முழங்கைக்கு மேலே இறுகிப் பிடித்தது. பழைய கை கீழே போகப் போக ஒடுங்கும். அந்தச் சரிவை அப்படியே நீட்டி வெட்டியிருக்கிறார்கள். 5 அங்குலத்தில் பொருந்திய சரிவு 9 அங்குலத்துக்கு வரும்போது விளிம்பு நன்றாக ஒடுங்கிவிடும். பின்கழுத்தோ 6 சொன்ன இடத்தில் 7 வந்திருந்தது. இதற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. நான் 6 என்று அளந்தது தோளும் கழுத்தும் சேரும் மேல் புள்ளியிலிருந்து. கடையில் அளந்தது பிடரி எலும்பிலிருந்து. என் உடம்பில் இந்த இரண்டுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். அதோடு கழுத்து விளிம்பை மடித்துத் தைக்க எடுக்கும் கால் அங்குலத்தையும் அவர்கள் கழிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து சரியாக ஒரு அங்குலம். ஆழம் சொல்லும்போது எந்தப் புள்ளியிலிருந்து என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.

கமக்கட்டும் பிடித்தது. "கை தூக்க முடியவில்லை" என்று திரும்பவும் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கைக்குழியை இறக்கி விடுறம் ரீச்சர், அடுத்த கிழமை வாங்கோ" என்றார். அடுத்த கிழமை போனால் தைக்கவில்லை. அதற்கடுத்த கிழமை கிடைத்தது. மூன்று பஸ் பயணம், ஒரு அரை நாள் லீவு.

அந்தச் சட்டையோடு திங்கட்கிழமை வகுப்பில் கை தூக்கினேன். கையோடு சேர்ந்து முழுச் சட்டையும் மேலே ஏறியது. கீழ்ப்பட்டி நெஞ்சுக்கு ஏறி, வயிறு வெளியே தெரிந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு அன்று முழுக்கத் தாழ்வான இடத்திலேயே எழுதினேன். சத்தியமாக அழுகை வந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். முப்பது வருடமாக வீட்டிலேயே தைக்கிறார். போர்ட் வைத்ததில்லை, அதனால் அவரை நான் நினைக்கவே இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். என் கையைத் தூக்கச் சொன்னார், பக்கவாட்டில் நீட்டச் சொன்னார், பிறகு சொன்னார்: "பிள்ளை, உனக்கு கைக்குழி சின்னன் இல்லை. கைதான் ஒடுக்கம். இறக்கினபடியால்தான் இது எழும்புது."

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். கமக்கட்டில் இறுக்கினால் கைக்குழியை இறக்கு என்பது பலருடைய நம்பிக்கை. இறக்கும்போது கமக்கட்டிலிருந்து கீழ்ப்பட்டி வரை இருக்கும் பக்கத் துணி குறைகிறது. கையின் உள்பக்கத் தையலும் குறைகிறது. கை மேலே போக அந்த உள்பக்க நீளம்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் சட்டையை இழுத்துக்கொண்டு போவதைத் தவிர கைக்கு வேறு வழியில்லை. கைக்குழி கமக்கட்டுக்கு அண்மையில், ஒரு விரல் போகும் இடைவெளியோடு நிற்க வேண்டும். விசாலம் கொடுக்க வேண்டியது கையின் அகலத்தில்.

மாமி அன்றே பிறவுன் பேப்பரில் வெட்டித் தந்தார், நான் பக்கத்தில் இருந்து பழகினேன். என் மார்பளவு 36. கடையில் முதல் தைத்தபோது, இறக்குவதற்கு முன், கைக்குழி ஆழம் தோளிலிருந்து 7¼ அங்குலம், சுற்றளவு 16. அது சரியான அளவு. அதையே வைத்துக்கொண்டோம். கையில் மட்டும் மாற்றம். என் மேல்கைச் சுற்றளவு 12. கடைச் சட்டையில் கமக்கட்டுக்கு நேரே கையின் அகலம் 13, அந்தக் கோட்டிலிருந்து கையின் உச்சி வரை மேல் வளைவின் உயரம் 4. மாமி வளைவின் உயரத்தை 3½ ஆகக் குறைத்தார். வளைவின் மொத்த நீளம் கைக்குழிச் சுற்றோடு பொருந்த வேண்டும் என்பதால், உயரம் குறைந்தால் அகலம் தானாகக் கூடும். அரை அங்குலம் குறைத்ததில் அகலம் 13½ ஆனது. 3 ஆகக் குறைத்திருந்தால் 14 கிடைத்திருக்கும். ஆனால் அவர் விடவில்லை. வளைவு தட்டையாகத் தட்டையாக, கையைத் தொங்கவிடும்போது கமக்கட்டில் துணி மடிந்து நிற்கும். பள்ளிக்கூடச் சட்டைக்கு 3½ போதும் என்றார். பட்டுச் சாறிக்கு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் விசேஷத்துக்கு, 4 தான் வடிவு என்றும் சொன்னார்.

வளைவையும் கைக்குழியையும் ஒப்பிடும்போது அளவு நாடாவைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, வளைவோடு நடத்தி அளக்க வேண்டும். அதுவும் வெட்டுக் கோட்டில் இல்லை, தையல் விழும் கோட்டில். கை வளைவு கைக்குழியை விடக் கால் அங்குலம் கூட இருந்தால் நல்லது. குறைவாக இருக்கவே கூடாது.

இனி நான் விட்ட பிழை. வீட்டுக்கு வந்து பழைய வேட்டித் துணியில் பரீட்சார்த்தமாக நானே வெட்டினேன். மாமியின் பேப்பரைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, கடைச் சட்டையின் கையைக் கடுதாசியில் பிரதியெடுத்து, மேலிருந்து அரை அங்குலத்தை வெட்டி வளைவைத் தாழ்த்தினேன். தைத்துப் போட்டால் கை நீளம் 8½. ஏனென்று யோசித்தேன். கை நீளம் வளைவின் உச்சியிலிருந்துதான் அளக்கப்படுகிறது. உச்சியை வெட்டினால் நீளமும் போகும். உச்சியை அப்படியே விட்டு, கமக்கட்டுக் கோட்டை அரை அங்குலம் மேலே ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏற்றினால் 9 அங்குலக் கையில் மேல் வளைவு 3½, அதன் கீழே உள்தையல் 5½ வரும். முன்பு அது 5 தான். அந்த அரை அங்குலம்தான் கை தூக்க உதவுகிறது. வேட்டித் துணியில் பிழை விட்டது நல்லதாய்ப் போயிற்று.

கை விளிம்புக்கு, 9 அங்குலம் முடியும் இடத்தில் என் கையை மடக்கிச் சுற்றளவு எடுத்தேன். நீட்டி அளந்தால் 11, மடக்கினால் 11½. அதனால் விளிம்பை 12 ஆக்கினேன். உள்மடிப்புக்கு 1½ அங்குலம். இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. கை ஒடுங்கி வருவதால் மடிப்புத் துணியையும் அதே சரிவில் வெட்டினால், உள்ளே மடிக்கும்போது அகலம் போதாமல் சுருக்கும். பேப்பரை முதலில் மடிப்புக் கோட்டில் மடித்து, பிறகு பக்கத்தை வெட்ட வேண்டும். விரித்தால் மடிப்புப் பகுதி வெளியே விரிந்து நிற்கும்.

பின்கழுத்து எளிதாக முடிந்தது. தோள் தையல் கோட்டிலிருந்து 6 அங்குலத்தில் முடிவுக் கோடு, அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டுக் கோடு. வளைவாக வெட்டிய கழுத்து இழுபடும் என்பதால், வெட்டிய உடனேயே விளிம்போரம் ஒரு வரி தையல் ஓட்டிவிட்டேன். கூடப் படிப்பிக்கும் அக்கா ஒருவருக்கு 9 அங்குல ஆழம்தான் விருப்பம், ஆனால் கழுத்து பின்னால் வாய் பிளந்து நிற்கிறது. அவருடைய பேப்பரில் மாமி, கழுத்து விளிம்பில் அரை அங்குலம் எடுத்து, கைக்குழியை நோக்கிப் போகப் போக ஒன்றுமில்லாமல் முடியும் ஒரு ஆப்பு மடிப்பு மடித்து ஒட்டினார். துணியில் மடிப்பு இல்லை, பேப்பரில் மட்டும்தான். கழுத்து முதுகில் படிந்துவிட்டது.

இரண்டாவது பரீட்சார்த்தத்தில் இன்னொன்று தெரிந்தது. கமக்கட்டின் முன்பக்க மடிப்பில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது. கடையில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக மடித்து வெட்டியதால் இரண்டு கைக்குழியும் ஒரே வளைவு. நான் அதைத்தான் பிரதியெடுத்திருந்தேன். கை முன்னால் போகும்போது அங்கே துணி திரளும். முன்பக்க வளைவின் நடுவில் அரை அங்குலம் உள்ளே குடைந்து வெட்டினேன், கையின் முன்பாதியையும் அதற்கேற்பக் குடைந்தேன். குடைந்த பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் வைக்க மறக்காதீர்கள். வலது கையை இடது பக்கத்தில் தைத்துவிட்டுப் பிரித்தவள் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நல்ல துணியில் வெட்டினேன். லைனிங்கை முதல் நாளே நனைத்துக் காய வைத்தேன். சாறியோடு வந்த பிளவுஸ் துண்டு 80 சென்ரிமீற்றர், 9 அங்குலக் கைக்கு எனக்குப் போதவில்லை. தனியே ஒரு மீற்றர் வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை கரும்பலகையின் மேல் விளிம்பில் திகதி எழுதினேன். கீழ்ப்பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

பழுதான கடைச் சட்டையை எறியவில்லை. மாமி சொன்னபடி, சாறியின் உள்தலைப்பிலிருந்து வெட்டிய 3 அங்குல வைர வடிவத் துண்டு இரண்டைக் கமக்கட்டில் வைத்துத் தைத்தேன். போன உள்பக்க நீளம் திரும்பக் கிடைத்தது. கை விளிம்பை முழங்கைக்கு மேலே ஏற்றி மடித்துவிட்டேன். பின்கழுத்து 7 தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை சந்தைக்குப் போக அதைத்தான் போடுகிறேன்.